சுஜூதுக்கு அடுத்த காட்சி

ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தேன். ராமநாதபுரத்தில் வீடியோ எடுக்கும் ஒரு பெண்ணுக்கு ஸ்டாண்டு தூக்கும் வேலை கிடைத்தது. சாப்பாடு உண்டு என்றாள், சேர்ந்துகொண்டேன். எல்லா மதத்து வணக்கத்தையும் விளக்கும் குட்டி வீடியோ ஒன்று எடுத்தோம்.

கிழக்குப் பார்த்த கோயிலில், கொடிமரத்துக்கு வெளியே தலையை வடக்கே வைத்து நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். பெண்கள் அப்படி விழுவதில்லை. தலை, இரு கை, இரு முழங்கால் மட்டும் படிய அவள் வணங்கினாள். கூப்பிய கை தலைக்கு மேலே போனால் தெய்வத்துக்கு, நெஞ்சுக்கு நேரே நின்றால் மனிதருக்கு என்று பின்னணிக் குரல் கொடுத்தாள். மாதாகோயிலில் நற்கருணைப் பேழைக்கு எதிரே வலது முழங்காலை ஊன்றி எழுந்தேன். தொழுகைக்கு மட்டும், படகு எஞ்சின் பழுது பார்க்கும் என் கூட்டாளியைக் கேட்டோம். பட்டறையில் பாய் விரித்து, மேற்கே பார்த்து, நெற்றியைத் தரையில் வைத்து அவன் சுஜூது செய்தான். பிறகு தர்காவுக்குப் போய் அங்குள்ள சமாதியையும் எடுத்தோம்.

வெள்ளிக்கிழமை காலை வீடியோ வெளியானது. உடனே கூட்டாளி போன் செய்தான்.

“ஏலே மாப்ளே, என்னய ஊர விட்டு வெரட்டப் பாக்குறியா? நான் நெத்திய வைக்கிறேன், அடுத்தாப்புல தர்கா சமாதியக் காட்டுறீங்க. சமாதிக்கு சுஜூது செஞ்சவன்னு ஆகிப்போச்சேடா! தங்கச்சிக்கு நிக்காஹ் பேசியிருக்கு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க தர்கா வாசலையே மிதிக்காதவங்க.”

பக்கத்தில் நின்று கேட்ட அந்தப் பெண்ணுக்கு முகம் வெளுத்தது. “நாங்க கமுதிக்காரங்க. தர்காவுல விழுந்துதான் கும்பிடுவோம். அவுகளும் அப்பிடித்தான்னு சேத்துட்டேண்ணே.”

“அங்கன கையேந்தி துஆ மட்டுந்தான் கேப்பாங்களாம். நெத்தி படுறது படைச்சவனுக்கு மட்டுந்தான்னு சொல்றான்,” என்றேன்.

வீடியோவை நீக்கினாள். ஆனால் அதற்குள் யாரோ இறக்கி, ஜமாத் குரூப்பில் போட்டிருந்தார்கள். பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வருவதற்குள் சரியானதைப் போட வேண்டும். பட்டறைக்கு ஓடினோம்.

“வெட்டாம ஒரே மூச்சுல எடு,” என்றான். நெற்றியும் மூக்கும், இரு உள்ளங்கை, இரு முழங்கால், இரு பாத விரல்கள் தரையில் பட்டன. முழங்கைகளைத் தரையில் பரத்தாமல் தூக்கியே வைத்திருந்தான். எழுந்து உட்கார்ந்து கேமராவைப் பார்த்தான். “இது அல்லாஹ்வுக்கு மட்டும். எந்த சமாதிக்கும் இல்ல. முன்னாடி வந்தது வெட்டி ஒட்டுனவங்க தப்பு.” கடைசிச் சொல்லில் தடுமாறினான். இன்னொரு முறை எடுக்க நேரமில்லை. அப்படியே ஜமாத் குரூப்புக்கு அனுப்பிவிட்டுப் பள்ளிவாசலுக்கு ஓடினான்.

தொழுகை முடிந்ததும் ஜமாத் பெரியவர் ஒருவர் அவனோடு பட்டறைக்கு வந்தார். புதிய வீடியோவைக் கடைசிவரை பார்த்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீதான் கோயில்லயும் விழுந்து, மாதாகோயில்லயும் மண்டி போட்ட ஆளா? எங்கள மட்டும் ஏம்ப்பா விட்ட?”

யாரும் சிரிக்கவில்லை. போனைக் கூட்டாளியிடம் நீட்டினார்.

“இது சரியா இருக்கு, தம்பி. நானே குரூப்புல சொல்லிப் போடுறேன். ஆனா அந்தப் பழைய வீடியோ மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிருச்சா?”

அவன் தெரியாது என்று தலையாட்டினான்.

“அப்ப இங்கன ஏன் நிக்கிற? வண்டிய எடு. அவுக பாக்குறதுக்கு முன்னாடி நேர்ல போய்ச் சொல்லு.”

அவன் வண்டியை உதைத்தான். நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.