ஆட்கள் மட்டும்தான் வருவார்கள்

வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட் கமிட்டியின் செயலாளரைத் திட்டுவதற்கென்றே, பலர் தனித்தனிச் சேர்வர்களில் சேர்ந்து நடத்தும் சமூக வலைத்தளமொன்றில் வேறு பெயரில் இரண்டாவது கணக்கு வைத்திருந்தேன். முதல் கணக்கில் அவரும் என்னைப் பின்தொடர்ந்ததால், அங்கே அவர் கட்டுவித்த தண்ணீர்த் தொட்டியைப் புகழ்ந்துதான் எழுதுவேன். புதியதில் என் கோபத்தை வாசிக்க மூன்றே மூன்று பேர். இவ்வளவு நல்ல கோபம் வீணாகலாமா? எங்கள் சேர்வரை நடத்தும் நண்பனிடம் இரண்டையும் ஒன்றாக்கச் சொன்னேன்.

“ஏலாது. ஒவ்வொரு பதிவும் எழுதின கணக்கின்ரை முகவரியோடைதான் மற்றச் சேர்வர்களுக்குப் போயிருக்கு. பின்தொடருற ஆக்களை மட்டும் புதுசுக்கு மாத்தலாம்.”

புதிய கணக்கில் பழையதும் என்னுடையதென்று பதிந்தேன். பிறகு பழையதற்குள் போய், கடவுச்சொல்லைக் கொடுத்து இடமாற்றத்தை அழுத்தினேன். மாலைக்குள் அநேகமாக எல்லோரும் வந்துவிட்டார்கள். யார் யாரென்று நான் பார்க்கவில்லை.

மறுநாள் லிஃப்டில் செயலாளர் நின்றார்.

“பிள்ளை, உம்மடை புதுக் கணக்கு தானாவே என்ரை போனுக்கு வந்திட்டுது. முதல்லயிருந்து வாசிச்சனான்.”

“அங்கிள், உங்களைப் புகழ்ந்ததெல்லாம் பழையதிலை கிடக்கு. பதிவுகள் ஆக்களோடை சேர்ந்து வராதாம்.”

“ஓம், ஆக்கள்தான் வருவினம்,” என்றார்.