இடுப்பில் வைத்த கைகள்

காலை ஆறு பத்து. கடலூர் மைதானத்தின் மேற்குச் சுவரில் புதிதாக இழுத்திருந்த நீலக் கோட்டைத்தான் முதலில் பார்த்தேன். ஓரிடத்தில் பெயின்ட் கீழே வழிந்து காய்ந்திருந்தது. நின்ற இடத்திலிருந்து தாவி, சாக்பீஸ் தூள் தடவிய விரலால் அந்தக் கோட்டைத் தொட வேண்டும். மூன்று வாய்ப்பு. தொட்டவர்களை மட்டும் அடுத்த சுற்றுக்கு அழைப்பார்கள். தேறினால் ஒரு தனியார் நிறுவனத்தின் வாலிபால் அணியில் இடமும் வேலையும் கிடைக்கும்.

என் மனைவியின் தம்பி வரிசையில் ஏழாவதாக நின்றான். வயது வரம்பின்படி அவனுக்கு இது கடைசித் தேர்வு.

கோட்டின் உயரத்தை முன்பே அறிவித்திருந்தார்கள். இரண்டு மாதத்துக்கு முன், அதற்கும் இரண்டு விரல் மேலே அவன் அலட்சியமாகத் தொட்டுக்கொண்டிருந்தான். அதைக் கெடுத்தது நான்.

நான் பத்திரிகையில் வேலை பார்க்கிறேன். சிதம்பரத்தில் ஓர் உடற்கல்வி ஆய்வுக்கூடத்தைப் பற்றி எழுதப் போனபோது அவனையும் பைக்கில் கூட்டிப் போனேன். அங்கே தரை மட்டத்தில் ஒரு தட்டைப் பதித்திருந்தார்கள். அதன் மேல் நின்று குதித்தால், கால் தரையை எவ்வளவு விசையோடு தள்ளுகிறது என்பது கணினித் திரையில் கோடாக விழும். ஆய்வாளரான பெண், முதலில் இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக் குதிக்கச் சொன்னார். கால்களின் பங்கை மட்டும் தனியாக அளப்பதற்கு அந்த முறை. அவனோடு குதித்த மாணவர்கள் இருவர் அவனை மிஞ்சினார்கள். அடுத்தது கையை வீசிக் குதிப்பது என்றார் அவர். செய்தி அனுப்ப நேரமாகிவிட்டது என்று சொல்லி நான் எழுந்துவிட்டேன்.

பாதி பார்த்தது எனக்குப் போதுமானதாக இருந்தது. அவன் கால்கள் பலவீனம், கை வீச்சு அதை மூடி மறைக்கிறது என்று முடிவு கட்டினேன். அன்று முதல் ஏழு வாரம், அவன் இடுப்பில் கை வைத்தபடியேதான் குதித்தான். பந்தைத் தொடவும் நான் விடவில்லை.

“மாமா, பாக்கறவன்லாம் தண்ணிக் கொழாய்ல சண்டைக்கு நிக்கிறியான்னு கேக்கறான்.”

“குதி மச்சான். கால்தான் தூக்குது. கை சும்மா ஷோ.”

அவன் குதித்தான். நான் படித்தவன், அளவுகளைப் பார்த்து வந்தவன் என்பது அவன் எண்ணம். கால்கள் உண்மையில் தேறின. இடுப்பில் கை வைத்தே முன்பைவிட மூன்று விரல் உயரமாகக் குதித்தான். அதைக் குறித்து வைத்துக்கொண்டேன்.

தேர்வில் முதல் தாவலிலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. அவன் முழங்கால்கள் நிமிர்ந்து முடியும் நேரத்தில்தான் கைகள் கிளம்பின. விரல் தடம் கோட்டுக்குக் கீழே விழுந்தது. இரண்டாவது முறை கையை அவசரப்படுத்தினான். அது கால் மடங்கும்போதே மேலே போய்விட்டது. மூன்றாவது, கோட்டுக்கு ஒரு விரல் கீழே. தூளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தான். கால் நல்லாத்தான் இருந்தது மாமா, கைக்குத்தான் எப்ப வரணும்னு மறந்துபோச்சு என்றான். குரலில் குற்றச்சாட்டு இல்லை.

மறுவாரம் நான் மட்டும் சிதம்பரம் போனேன். அந்த ஆய்வாளரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர், வட்ட முகப்பில் முள் ஓடும் ஒரு சாதாரண எடை மெஷினை மேசைக்கு அடியிலிருந்து இழுத்து என்னை ஏறச் சொன்னார். கால் அசையாமல் நின்று, கைகளை மட்டும் விருட்டென்று மேலே வீச வேண்டும். கை கிளம்பியபோது முள் என் எடையைத் தாண்டி ஓடியது. கை மேலே போய் நின்றபோது எடைக்குக் கீழே இறங்கியது.

“கை வேகமா மேல கெளம்பும்போது தோள கீழ அழுத்துது சார். அந்த அழுத்தம் கால் வழியா தரைக்குப் போவுது. தரை அதே அளவு திருப்பித் தள்ளுது. அந்த பாரம் இருக்கறதால கால் சட்டுனு நிமிர்ந்துடாது. மெதுவா சுருங்கற தசைக்கு வலு ஜாஸ்தி. கடசீல கையோட வேகம் கொறையும்போது அது ஒடம்ப மேல இழுக்குது. எல்லாம் கால் தரைய விடறதுக்குள்ள நடந்தாவணும்.”

பிறகு திரையில் ஒரு மாணவரின் இரண்டு கோடுகளைக் காட்டினார். இடுப்பில் கை வைத்த கோடு சீக்கிரமே சரிந்தது. கை வீசிய கோடு, தள்ளலின் பிற்பகுதியில் அதற்கு மேலாக ஏறி நின்றது. அன்றைக்கு இன்னும் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தால் என் மச்சானின் கோடுகளும் இப்படித்தான் வந்திருக்கும், அவனுக்குக் கை வீச்சு நன்றாக இருந்ததாக ஞாபகம் என்றார்.

நான் எழுதிய செய்தியில் கையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதை அவர் கத்தரித்துச் சுவரில் ஒட்டியிருந்தார்.

வீட்டுக்கு வந்து அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, “சரி வுடு மாமா” என்றான்.

திங்கட்கிழமை அவன் காடாம்புலியூரில் ஒரு முந்திரி கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான்.