கூடையின் எடையையும் சேர்த்து

பார்சல் அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் ரெண்டாள். இருபத்தைந்து கிலோவைத் தாண்டும் பெட்டிகளில் "இரண்டு பேர் தூக்கவும்" என்று மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டுவது அங்கே வழக்கம். போன வருடம் வேன் டிரைவர் அதில் ஒன்றை அவள் முதுகில் ஒட்டிவிட்டான். அது தெரியாமல் அவள் அன்று முழுக்கக் கவுண்டரில் நின்று எடை போட்டாள், அலமாரிப் பக்கம் நூறு தடவை திரும்பினாள். எதிரே வரிசையில் நின்ற ஒரு மகராசனாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

வீட்டுக்காரர்தான் கண்டுபிடித்தார். சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அவள் அழவில்லை. ஸ்டிக்கரைப் பதமாக உரித்து ஒரு புது நோட்டின் அட்டையில் ஒட்டினாள்.

"நாளையிலேர்ந்து எடை குறைக்கப் போறேன்."

"இது அஞ்சாவது தடவை," என்றார் அவர்.

அவர் சொன்னதில் தப்பில்லை. முன்பு நான்கு தடவையும் ஒரே இடத்தில்தான் கவிழ்ந்தாள். ஏதோ ஒரு வாரம் எடை ஏறியிருக்கும். கேட்டவர்களிடம் வெட்கப்பட்டுக் குறைத்துச் சொல்லிவிடுவாள். சொன்ன பொய்க்குப் பயந்து அடுத்த வாரம் தராசுப் பக்கமே போக மாட்டாள். அத்தோடு கதை முடிந்துவிடும். அதனால் இந்த முறை ஒரே ஒரு சட்டம் வைத்துக்கொண்டாள். திங்கட்கிழமை ஷட்டர் திறக்கும் முன்பு, வெறும் வயிற்றில், செருப்பில்லாமல் பார்சல் தராசில் ஏற வேண்டும். காட்டுவதை அப்படியே நோட்டில் எழுத வேண்டும். மாதம் ஒருமுறை அதை அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். டிரைவரும் அந்தக் குழுவில் இருந்தான். இருக்கட்டும் என்றுதான் போட்டாள்.

முதல் நாள் 97.3. எண் துள்ளி அடங்கும்வரை பார்க்கத் தைரியமில்லாமல் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அதுவே பழக்கமாகிவிட்டது.

முதல் மாதம் மூன்று கிலோவுக்கு மேல் இறங்கியது. தலைகால் புரியாமல் நின்றவளிடம், "பாதிக்கு மேல தண்ணிம்மா, அடுத்த மாசம் இவ்வளவு எதிர்பார்க்காதீங்க," என்றார் அவளுடைய பிரஷருக்கும் மூட்டு வலிக்கும் மருந்து தரும் டாக்டரம்மா. அப்படித்தான் ஆயிற்று, வாரத்துக்கு அரைக் கிலோ இறங்குவதே பெரும்பாடு. தட்டில் பாதிக்குக் காய், ஒரு வேளைக்கு ஒரு கிண்ணம் சோறு, முட்டையோ பருப்போ கட்டாயம், சர்க்கரை இல்லாத டீ, மதியம் சாப்பிட்டதும் கிடங்கைச் சுற்றி இருபது நிமிட நடை. பட்டினி கிடக்கவில்லை. முன்பு கிடந்து பார்த்துவிட்டு ராட்சசி மாதிரி தின்றது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

ஐந்தாம் மாதம் 90.8. அந்த வாரமே படியில் கால் பிசகியது. மூன்று வாரம் நடக்க முடியவில்லை. ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்து பிஸ்கட்டைப் பாக்கெட் பாக்கெட்டாகக் காலி செய்தாள். திரும்பித் தராசில் ஏறியபோது 93.5. குழுவில் போட்டாள். "வண்டி ரிவர்ஸ்ல வருது," என்று எழுதினான் டிரைவர். "ரிவர்ஸ் தெரிஞ்சாத்தான் லைசன்ஸே தருவாங்க," என்று பதில் எழுதினாள்.

எட்டாம் மாதம் 88.9. அங்கேயே ஏழு வாரம் நின்றுவிட்டது. உடம்பு இளைத்தால் அதற்குத் தேவையான சாப்பாடும் குறைகிறது, பழைய அளவு இனிமேல் இளைக்க வைக்காது என்று டாக்டரம்மா விளக்கினார். சோற்றை முக்கால் கிண்ணமாக்கினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கணக்கில்லாமல் கொறித்ததையும் நோட்டில் எழுதத் தொடங்கினாள். அடுத்த திங்கள் தராசு 86.3 காட்டியது. ஒரே வாரத்தில் இரண்டரைக் கிலோவுக்கு மேல். பதினோரு கிலோ போயிற்று என்று குழுவில் போட்டாள். மேலாளர் சந்தோஷத்தில் கேக் வாங்கி வந்தார். மனுஷனுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. ஒரு துண்டு தின்றாள், அதையும் எழுதிவைத்தாள்.

வருடம் முடிய நான்கு நாள் இருக்கும்போது தராசு 84.7 காட்டியது. "நம்ம கம்பெனி ஃபேஸ்புக் பக்கத்துல உங்க கதையைப் போடணும்மா. பன்னெண்டரைக் கிலோன்னு பெருசா போடுவோம்," என்றார் மேலாளர்.

மறுநாள் ஒரு பெரியவர் பெட்டியோடு வந்தார். பக்கத்துத் தராசில் கூட்டமாக இருந்ததால் அவள் தன் தராசிலேயே எடை போட்டு 9.4 என்றாள்.

"வீட்டுல பன்னெண்டு இருந்துச்சேம்மா. எனக்கு லாபம்தான், இருந்தாலும் பாத்துச் சொல்லுங்க."

பெட்டியை இறக்கினாள். தராசில் ஒன்றுமே இல்லை. அது −2.6 காட்டியது. காலடியில் இருந்த கூடையைப் பார்த்தாள்.

சின்ன பார்சல்களைக் கொட்டி எடை போட ஒரு பிளாஸ்டிக் கூடை உண்டு. கூடையின் எடை சேராமலிருக்க, வெறும் கூடையை வைத்துத் தராசைப் பூஜ்யமாக்குவார்கள். கூடையை எடுத்ததும் அதை அழித்துவிட வேண்டும். இரண்டு மாதம் முன்பு சின்ன பார்சல்கள் குவியத் தொடங்கியதும் அழிக்கும் வேலையையே விட்டுவிட்டார்கள். பெரிய பெட்டிகள் பக்கத்துத் தராசுக்குப் போனதால் ஒருவருக்கும் தெரியவில்லை. திங்கட்கிழமைகளில் கூடையைக் கீழே வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஏறியவள் இவள்தான்.

பெரியவருக்குச் சரியான எடையைப் போட்டு அனுப்பினாள். தராசைப் பூஜ்யமாக்கி ஏறினாள். முந்தின நாள் 84.7 என்று எழுதியதன் உண்மை 87.3. ஏழு வாரம் கழித்து இறங்கியதாக நம்பியது இறங்கவே இல்லை. கேக்கைச் சும்மா தின்றிருக்கிறாள்.

"இதை யாருக்கும் சொல்லாதீங்கம்மா," என்றார் அவள் போய்ச் சொன்னதைக் கேட்ட மேலாளர். "ரெண்டரைக் கிலோ. அடுத்த ரெண்டு மாசத்துல இறக்கிடுவீங்க, கணக்கு நேராயிடும்."

அவளுக்குச் சபலம் தட்டியது. தட்டவில்லை என்று சொன்னால் அதுதான் பொய். டிரைவரின் முகம் கண்முன் வந்தது, வீட்டுக்காரரின் "அஞ்சாவது தடவை" காதில் கேட்டது. இதே இடத்தில்தானே நான்கு தடவையும் கவிழ்ந்தோம் என்று நினைத்ததும் அவளுக்குக் கோபம் வந்தது.

"அந்தப் பொய்யைக் காப்பாத்தறதுக்காக நான் ரெண்டு மாசம் தராசுல ஏறாம இருப்பேன் சார். என்னை எனக்குத் தெரியும்."

"அப்ப கம்பெனி பக்கத்துல போட முடியாது."

"போடாதீங்க."

அன்று மாலை குழுவில் எழுதினாள்:

"ஒரு வருஷம் ஆச்சு. 97.3-லேர்ந்து 87.3. பத்து கிலோ. கடைசி ரெண்டு மாசம் நான் போட்ட எடை எல்லாம் தப்பு, ஒவ்வொண்ணுலயும் கூடையோட எடை 2.6 சேத்துக்கோங்க. கண்ணை மூடிக்கிட்டு ஏறினது என் தப்பு. கால் பிசகினப்ப பிஸ்கட் தின்னே ரெண்டே முக்கால் கிலோ ஏத்தினேன். பிரஷர் மாத்திரை இன்னும் நிக்கல, பாதியாச்சு. இடுப்பு பதினோரு சென்டிமீட்டர் குறைஞ்சிருக்கு. மூட்டு வலி மாடிப்படியில மட்டும் இருக்கு. இப்பவும் என்னைத் தூக்க ரெண்டு ஆள் வேணும். யாரும் சிரமப்பட வேண்டாம், நான் நடந்தே வந்துக்கறேன்."

கூடவே நோட்டின் அட்டையைப் படமெடுத்துப் போட்டாள். வீட்டுக்காரர் அதை அவள் போனில் படித்துவிட்டு, "பத்தா?" என்றார். "பத்துதான்," என்றாள். அவர் சிரிக்கவில்லை. எழுந்து போய் இரண்டு டம்ளரில் சர்க்கரை போடாத டீ கொண்டுவந்தார்.

திங்கட்கிழமை அவள் போனபோது தராசின் பக்கத்தில் டிரைவர் நின்றிருந்தான். கூடை ஏற்கெனவே கீழே இருந்தது.

"பூஜ்யம் காட்டுதுக்கா. நான் அழுத்திட்டேன்."

"தள்ளி நில்லு. நானே பாத்துக்கறேன்."

மறுபடி ஒருமுறை அழுத்தினாள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. எண் துள்ளித் துள்ளி 87.9-இல் நின்றது. அறுநூறு கிராம் ஏற்றம்.

டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அவள் இறங்கி, மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய நோட்டைத் திறந்து, 87.9 என்று எழுதிவிட்டு ஷட்டரைத் தூக்கப் போனாள்.