பத்துக்குப் பன்னிரண்டடிக் கடைக்கு என்ன வாடகை?

கஹவத்தை பஜாரில் ஒரு சந்துக்குள் நான் தையல் கடை போட்டு இரண்டு வருடம் முடியப்போகும் நேரம், கடைச் சொந்தக்காரர் ஹாஜியார் ஆளனுப்பினார். உடன்படிக்கை இந்த மாதத்தோடு முடிகிறதாம். புதுப்பிப்பதானால் மாதம் பதினையாயிரம் இனிச் சரிவராதாம், இருபத்தையாயிரமாம். நான் ஒரு ரவிக்கைக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தேன். நல்லவேளை, கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுத்தான் காது கொடுத்தேன்.

இருபத்தையாயிரம் கொடுத்தால் எனக்கு மிஞ்சுவது நூலும் ஊசியும்தான். கடையை விட்டால் மெஷினைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அந்த மேட்டுக்கு ரவிக்கை தைக்க யார் பஸ் ஏறி வருவார்கள்? மறுபடி கொழுந்துக் கூடையை மாட்ட வேண்டியதுதான். எனக்கு அது வேண்டாம். அதை வெட்கமில்லாமல் சொல்வேன்: அந்தக் கடையை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

வாடகையைப் பேசிக் குறைக்கலாம் என்பதே எங்கள் வீட்டுக்குப் புதுச் செய்தி. லயத்துக் காம்பிரா, அந்த ஒற்றை அறை வீடு, தோட்ட வேலையோடு வரும், வேலையோடு போகும். தோட்டத்தை நடத்தும் துரைமார் சொன்னதுதான் கணக்கு. ஆகவே கடிதம் எழுதலாம் என்று நான் சொன்னதும், தோட்டத்தில் எல்லோருக்கும் மனு எழுதிக்கொடுக்கும் என் வீட்டுக்காரர் பேனாவோடு உட்கார்ந்துவிட்டார். தாயும் தகப்பனுமாகிய தாங்கள், கண்ணீரோடு, காலடியில் என்று ஒரு பக்கம் நிறைத்தார். எனக்கு இல்லாத ஒரு வியாதியையும் சேர்த்திருந்தார்.

“என்னங்க இது, நான் எப்ப படுத்த படுக்கையா கெடந்தேன்?”

“நம்ம பாட்ட சொன்னாத்தானே புள்ள எரக்கம் வரும்.”

“அவரு எரக்கப்பட்டா ஒரு மாசத்துக்கு விடுவாரு. எனக்கு ரெண்டு வருஷம் வேணும். பக்கத்துக் கடைங்க என்ன குடுக்குதுன்னு எழுதுவோம்.”

அவர் முகம் சுருங்கிவிட்டது. வியாதியை வெட்டி நீக்க மட்டும் அவருக்கு மனமே வரவில்லை.

யாரும் தன் வாடகையைச் சும்மா சொல்ல மாட்டார்கள். ஆனால் தையற்காரிக்கு ஒரு வசதி உண்டு. கையைத் தூக்கிக்கொண்டு அளவுக்கு நிற்கும் பெண், டேப் கழுத்தைச் சுற்றியிருக்கும்வரை எங்கும் ஓட முடியாது. பக்கத்து சலூன் அக்கா என்னைத் தங்கச்சியாக்கிச் சிங்களத்தில், “பதினாறு நங்கி, தண்ணீர் பைப்பும் சேர்த்து” என்றாள். போன் திருத்தும் கடைக்காரரின் மனைவி, கொஞ்சம் பெரிய இடம், ஷட்டர் போட்டது, பதினெட்டு என்றாள். பஸ் நிலையத்துக்கு எதிரே ஜூஸ் கடை வைத்திருப்பவள், என் கடையில் பாதி இடத்துக்கு இருபத்தைந்து கட்டுவதாகச் சொல்லிப் பெருமூச்சு விட்டாள். எழுதப்போகிறேன் என்று சொல்லி அனுமதியும் வாங்கிக்கொண்டு, மூன்று கடைகளையும் என் டேப்பாலேயே அளந்தேன்.

அந்த இருபத்தைந்தை எழுதாதே என்று வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். நான் எழுதினேன். ஹாஜியார் தினமும் அந்தக் கடையைத் தாண்டித்தான் தொழுகைக்குப் போகிறார், அவருக்குத் தெரியாதா? பஸ்ஸை விட்டு இறங்குகிற கூட்டம் முழுக்க அந்தக் கடை வாசலில்தான் இறங்குகிறது, என் சந்துக்குள் தேடி வருகிறவர்கள்தான் வருகிறார்கள் என்று காரணத்தையும் கீழே எழுதினேன். என் கடை பத்துக்குப் பன்னிரண்டு அடி, பைப் இல்லை, மழைக்கு ஒரு மூலை ஒழுகும் என்றும் எழுதினேன். இரண்டு வருடமாக வாடகை ஒரு தடவையும் பிந்தவில்லை, விலைவாசி ஏறியிருப்பது எனக்கும் தெரியும், ஆகவே பதினாறாயிரத்து ஐந்நூறு தருகிறேன், இரண்டு வருடத்துக்கு உடன்படிக்கை வேண்டும் என்று முடித்து, அவருடைய புடவைக் கடையில் கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். ஒரு சேலையும் பார்க்காமல் நான் அந்தக் கடையை விட்டு வெளியே வந்தது அன்றுதான்.

மறுநாள் காலையிலேயே ஹாஜியார் வந்துவிட்டார். ஒரு கையில் என் கடிதம். மறு கையில் துணி அளக்கும் இரும்பு மீட்டர் கோல்.

“மகள், பத்துக்குப் பன்னிரண்டுன்னு எழுதீக்கிறீங்க. எதால அளந்த?”

டேப்பைக் காட்டினேன். அவர் அதைக் கோலோடு சேர்த்துப் பிடித்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். தினமும் இழுத்து இழுத்து என் டேப் நீண்டுபோயிருந்தது. நீண்ட டேப்பால் அளந்தால் கடை சின்னதாகத்தானே தெரியும்? குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, கோலால் சுவரோரம் அளந்தார்.

“நாலு விரல் கூட ஈக்குது, மகள்! நாலு விரலுக்கு வாடகை இல்லயா?”

எனக்குக் காது சூடாகிவிட்டது. புடவை வியாபாரியிடம் போய் அளவில் மாட்டிக்கொண்டேனே! அப்புறம் சட்டென்று பிடி கிடைத்தது.

“ஹாஜியார், சலூனையும் போன் கடையையும் இதே டேப்பாலதாங்க அளந்தேன். என் கடை நாலு விரல் வளந்தா அதுங்களும் வளந்துச்சிதானே?”

அவர் சிரிப்பை நிறுத்தினார்.

“அப்ப இந்த டேப்பால தைக்கிற ரவிக்கை எல்லாம் எப்படி?”

“அளக்கிறதும் இதுல, வெட்டுறதும் இதுல. இது வரைக்கும் ஒருத்தருக்கும் இறுக்கல.”

சலூன் அக்கா வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முழுதும் விளங்கியதோ என்னவோ, தன் ரவிக்கைக் கையைத் தொட்டுக் காட்டி, “ஹரி, ஹரி” என்று சரி சொன்னாள். ஹாஜியார் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒழுகும் மூலையை அண்ணாந்து பார்த்தார். கடிதத்தை இன்னொரு முறை படித்தார்.

“ஜூஸ் கடைய ஏன் எழுதின? அத எழுதாம விட்டீந்தா உங்களுக்குத்தானே நல்லம்?”

“உங்களுக்குத் தெரிஞ்சத நான் மறச்சா, மத்தத எப்படிங்க நம்புவீங்க?”

பதினேழாயிரம் என்றார். ஒழுகும் கூரைத் தகட்டை மாற்றித் தருவதாகவும் சொன்னார். இரண்டு வருடம். நான் சரி என்று சொன்னபோது குரல் உடைந்துவிட்டது. அவர் அதைக் கவனிக்காதவர்போல் கோலைத் துடைத்துக்கொண்டிருந்தார். உடன்படிக்கை எழுதும் நொத்தாரிசு முன் கையெழுத்துப் போட்ட அன்று, இன்ன தேதிவரை கடை என் பொறுப்பில் இருக்கும் என்ற வரியை வீட்டுக்காரர் பஸ்ஸிலேயே மூன்று தரம் வாசித்தார். எங்கள் தலைமுறைகளில் ஒரு கூரையைப் பற்றி அப்படி எழுதிய தாள் எங்கள் கைக்கு வந்ததில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இறங்கிய இடத்தில் புது டேப் ஒன்று வாங்கினேன்.

பெருநாளுக்கு முன் ஹாஜியார் வீட்டிலிருந்து பேத்திகளுக்குச் சட்டை தைக்கத் துணி வந்தது. தைத்து, கூலியைச் சீட்டில் எழுதி அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கடிதம் வந்தது. என்னைப் போலவே எழுதியிருந்தார். தங்கள் தையற்கூலி பற்றியது என்று தொடங்கியதும், கூலியைக் குறைக்கச் சொல்கிறார் என்றே நினைத்தேன். கீழே பஜாரில் உள்ள மற்றத் தையல் கடைகள் ஒவ்வொன்றும் ஒரு சட்டைக்கு என்ன வாங்குகிறது என்று வரிசையாக எழுதியிருந்தார். எல்லாமே என் கூலியைவிடக் கூட. கடைசியில் இப்படி முடித்திருந்தார்:

“மகள், உங்கட கூலி மிச்சம் குறைவு. கூட்டுங்க. இல்லாட்டி ரெண்டு வருஷத்துக்குப் பொறகு நான் எப்படி வாடகை கூட்டிக் கேக்கிற?”

கூட்டிய கூலியே உறைக்குள் இருந்தது.