சூட்டைத் தணிக்க

தென்காசியில் வாழ்க்கைப்பட்டவளுக்கு எந்த உபாதை வந்தாலும் கடைசி மருந்து குற்றாலம்தான். ஏழாம் மாதத்தில் எனக்கு ஒன்றுக்குப் போகும்போது எரிந்தது. போய்விட்டு வந்ததும் திரும்பப் போகவேண்டும் போலிருக்கும், போனால் சொட்டுதான். கூச்சத்தை விட்டு மாமியாரிடம் சொன்னேன்.

"சூடுதாம்ட்டி, வேற என்ன?" என்றார் அத்தை.

அன்றிலிருந்து இளநீர், நீர்மோர், ஊறவைத்த வெந்தயம். வேளை தவறாமல் டம்ளரோடு முன்னால் வந்து நிற்பார். எரிச்சல் குறையாததால் இத்தனை கரிசனம் எனக்குக் கோபத்தைத்தான் மூட்டியது. அடுத்து முதுகின் வலப்பக்கம், விலாவுக்குக் கீழே வலித்தது. "புள்ளையச் சுமந்தா இடுப்பு வலிக்கத்தான் செய்யும்" என்றார். இடுப்பில்லை, அதற்கு மேலே என்றேன். யார் காதில் வாங்கினார்கள்?

சாரல் தொடங்கியிருந்தது. கூட்டமில்லாத காலையாகப் பார்த்துக் குற்றாலத்துக்கு அழைத்துப்போய், அருவியோரம் தெறிக்கும் தண்ணீரில் என்னை நிறுத்தினார். வீடு திரும்பியதும் பல் கிட்டித்துப்போகும் அளவுக்கு நடுங்கினேன். அருவித் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று போர்வையைப் போர்த்தினார்கள். போர்வைக்குள் உடம்பு கொதித்தது. வாந்தி எடுத்தேன். வயிறு விட்டுவிட்டுக் கல்லாக இறுகியதும் என் கணவர் பயந்துபோய் ஆட்டோவை அழைத்து வந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வலித்த இடத்தில் லேசாகத் தட்டினார். அலறிவிட்டேன்.

"ஒன்னுக்குப் போகும்போது எரிஞ்சுதாம்மா?"

தலையாட்டினேன்.

"அப்பவே வந்திருந்தா மாத்திரையோட முடிஞ்சிருக்கும். இது சூடு இல்ல, கிருமி. மாசமா இருக்கும்போது ஒன்னுக்கு இறங்குத குழாய் தளர்ந்துரும், கர்ப்பப்பையும் அதை அமுக்கும். தேங்குத நீர்ல கிருமி மேல ஏறி கிட்னிக்குப் போயிட்டு. இப்படியே விட்டா பிரசவ வலியே வந்துரும்."

சிறுநீரைப் பரிசோதனைக்கு வாங்கிக்கொண்டு, டிரிப்ஸில் கிருமிக்கான மருந்தை ஏற்றினார்கள். குழந்தையின் துடிப்பைக் கேட்க வயிற்றில் பெல்ட் கட்டினார்கள். ஏழு மாதத்தில் பிறந்தால் என் பிள்ளை தங்குமா? அந்தத் துடிப்பு எங்கே நின்றுவிடுமோ என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிடந்தேன். காய்ச்சல் இறங்கட்டும், மாமியாரை நாலு கேள்வி நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது. வயிறும் இளகிவிட்டது. அத்தை கட்டிலருகே உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"எனக்கும் இப்படித்தான் எரிஞ்சுது. பொறவு முதுகு வலி, நடுக்கம். மூத்தது ஏழாம் மாசத்துலயே போயிட்டு. சூடுதான் புள்ளையக் கொன்னுட்டுன்னு சொன்னாவ. அதான் ஒன்னையக் குளுரவச்சிக்கிட்டே இருந்தேன்."

என் கணவர்தான் தலைப்பிள்ளை என்று அதுவரை நினைத்திருந்தேன். கேட்க வைத்திருந்த கேள்விகளை விட்டுவிட்டு, அவர் கொண்டுவந்திருந்த நீர்மோரை வாங்கிக் குடித்தேன்.

அப்போது டாக்டரம்மா வந்தார். குழந்தை நன்றாக இருக்கிறது, மாத்திரையைப் பாதியில் நிறுத்தக்கூடாது, முடிந்ததும் சிறுநீரை மறுபடி சோதிக்க வேண்டும் என்றார். அத்தை எழுந்து நின்றார்.

"ஏம்மா, எனக்கும் அப்பவே மாத்திரை தந்திருந்தா, எம் புள்ளையும் பொழைச்சிருக்குமோ?"

டாக்டரம்மா அத்தையின் கையைப் பிடித்து, என் கட்டிலருகே மறுபடி உட்காரவைத்தார்.