மூன்றாவது இடத்தில் துவரம்பருப்பு

அம்மாவின் வலது மணிக்கட்டு முறிந்து கட்டுப் போட்டிருந்த வாரங்களில்தான் அப்பா டைபாய்டிலிருந்து தேறிக்கொண்டிருந்தார். காரம் குறைத்து வீட்டுச் சாப்பாடு கொடுக்கலாம், எடை இன்னும் இறங்கினால் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிவரும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அம்மா அரைத்து வைத்திருந்த பொடி அதற்குள் தீர்ந்துவிட்டது. எனக்கு வறுக்க வராது. மல்லி கருகும்போது மிளகாய் பச்சையாகவே நிற்கும்.

அஸ்தம்பட்டியில் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை. சாயங்காலம் சேந்தமங்கலத்துக்குப் பேருந்து பிடிக்கும் முன் கடையில் சாம்பார் பொடிப் பாக்கெட்டுகளைத் திருப்பிப் படிப்பேன். எடையில் அதிகமுள்ள பொருள்தான் பட்டியலில் முதலில் வரும். அதனால் மிளகாய் முதலில் இருந்தவற்றையும், உப்பு மேலே இருந்தவற்றையும் ஒதுக்கினேன். மல்லி முதலில் இருந்தவற்றில் காலாவதி மாதம் தள்ளியிருந்ததை எடுத்தேன்.

அப்பா இரண்டு வாய் சாப்பிட்டுத் தட்டை நகர்த்தினார். "வேண்டாஞ் சாமி. பழைய டப்பாவ மோந்த மாதிரி இருக்குது."

பாக்கெட்டை மறுபடி பார்த்தேன். அந்தக் கம்பெனி பன்னிரண்டு மாதக் கெடு போடுகிறது. காலாவதி சீக்கிரம் வருகிறதென்று நான் விட்டுவந்த கம்பெனி ஆறு மாதம்தான் போடுகிறது. தள்ளியிருந்த தேதிதான் பழைய சரக்கு. பேக்கிங் தேதியைப் பார்த்திருந்தால் ஒன்பது மாதப் பொடியை எடுத்திருக்க மாட்டேன். தேதிகளோடு நாள் முழுக்க வேலை செய்கிறவள் நான்.

மறுநாள் அலமாரியின் பின்வரிசையிலிருந்து மூன்று வாரம் முன் பேக் செய்ததை எடுத்துவந்தேன். வாசனை இருந்தது. ஆனால் குழம்பு களிபோல் கெட்டியானது. அப்பா அன்றும் மோர்சாதத்தோடு நிறுத்திக்கொண்டார். அவரது முழங்கைகள் கூர்மையாகத் தெரிந்தன.

அம்மா இடது கையால் பாக்கெட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"மூணாவதா என்ன போட்டிருக்குது?"

"துவரம்பருப்பு. அடுத்தது கடலைப்பருப்பு, வெந்தயம்."

"சட்டியில ஒரு பருப்பு வேகுது, பொடியிலயும் பருப்பா? இது பட்டணத்துச் சாம்பாரு. நம்மூட்டுல கொழம்புதானே வெக்கிறோம்."

சாம்பார் பொடி அடுக்கு முழுவதையும் நான் இத்தனை நாளாகத் தேடியிருந்தேன். எங்களுக்கு வேண்டியது அதில் இல்லை. அடுத்த நாள் கீழ்த்தட்டில், குழம்புத்தூள் என்று அச்சிட்ட ஒரு மெல்லிய பாக்கெட் கிடைத்தது. நாமக்கல் பக்கத்து மில்லில் அரைத்தது. மல்லி, மிளகாய், சீரகம், மிளகு, மஞ்சள். பருப்பு இல்லை, உப்பு இல்லை. பேக் செய்து எட்டு நாள். ஐம்பது கிராம் மட்டும் வாங்கினேன்.

அம்மா சொல்லச் சொல்ல, பருப்பில் ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விட்டு வேகவைத்து, சின்ன வெங்காயம் வதக்கி, பொடியைக் குறைத்தே போட்டேன்.

அப்பா பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார். பாதித் தட்டு காலியானதும் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். "கொழம்பு உங்கம்மா வெச்சதாட்டம் இல்ல," என்றார், "ஆனா உள்ள போகுது."

அது போதும் என்று அம்மா சொன்னார். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அப்பா மென்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் எனக்குப் பசித்தது.