என்னைக் கேட்டுவிட்டுத்தான்

யுகேந்திரனுக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. ஸ்கூடாயிலிருந்து தினமும் காலை நாலரைக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பி, நாட்டு எல்லைப் பாலம் கடந்து, அக்கரையில் உட்லண்ட்ஸில் கணினிச் சில்லு செய்யும் தொழிற்சாலையில் ஏழு மணிக்குள் வேலையில் நிற்கும் ஆள் அவன். ஆனால் மகள் தர்மினி தொடக்கப் பள்ளியில் இரண்டாம் ஆண்டுக்குப் போன ஜனவரியில், உட்கார்ந்து பள்ளிக்கு இரண்டு பக்கம் எழுதினான். மூன்று முறை எழுதிக் கிழித்து, நான்காவதை நல்ல தாளில் பிரதி எடுத்தான்.

தர்மினிக்கு ஆஸ்துமா. மூன்று வயதில் வந்தது. அதே வருஷம்தான் அவளுடைய அம்மாவும் யுகேந்திரனும் பிரிந்தார்கள். இரண்டும் ஒரே சமயத்தில் நடந்ததால், மகளின் மூச்சைக் காப்பது முழுக்கத் தன் ஒருவனுடைய வேலை என்று அவன் மனதில் பதிந்துவிட்டது. எது அவளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று அவன் கண்டுபிடித்த ஒவ்வொன்றும் கடிதத்தில் இருந்தது. சளி பிடித்தால் கவனிக்க வேண்டும். புகைமூட்டம் வரும் மாதங்களில் வெளியே ஓடவிடக் கூடாது. பூனை ஆகாது. வகுப்பறையைப் பெருக்கும்போது அவளை வெளியே நிறுத்த வேண்டும். கொசுப்புகை அடித்தால் உடனே வேறு இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். நீல நிற இன்ஹேலரும் அதைப் பொருத்தி இழுக்கும் ஸ்பேசர் குழாயும் ஒரு பெட்டியில் போட்டுக் கொடுத்திருக்கிறேன், வகுப்பு அலமாரியிலேயே இருக்கட்டும், பூட்ட வேண்டாம் என்று எழுதியிருந்தான்.

கடைசியில் ஒரு வரி. அதன் கீழே கோடு போட்டிருந்தான். "என்னைக் கேட்காமல் எந்த மருந்தும் கொடுக்க வேண்டாம். எந்த நேரமானாலும் முதலில் எனக்குப் போன் செய்யவும்."

அந்த வரிக்கு ஒரு காரணம் இருந்தது. பாலர் பள்ளி நாள்களில் பிள்ளையைப் பார்த்துக்கொண்ட ஒரு பெண், இருமல் கண்டதும் நீல இன்ஹேலருக்குப் பதிலாக, வீட்டில் காலையும் இரவும் இழுக்கிற ஆரஞ்சு நிறத் தடுப்பு மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்துவிட்டாள். மூச்சுத் திணறும் நேரத்தில் அது உடனே கேட்காது. வேலை முடிந்து வந்த யுகேந்திரன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினான். அதற்குப் பிறகு அடுத்தவர் கையில் மருந்தை விட அவனுக்கு மனம் வரவில்லை. தர்மினியிடமும் சொல்லி வைத்திருந்தான்: "யார் என்ன கொடுத்தாலும் வாங்காத. அப்பாகிட்ட கேட்டியான்னு கேளு."

கடிதத்தை வகுப்பாசிரியர் கமலநாதனிடம் நேரில் கொடுத்தான். நாற்பது வயதுக்காரர். அமைதியாகப் பேசுபவர். நின்றபடியே இரண்டு பக்கத்தையும் படித்தார்.

"உங்க போனுக்கு எப்ப கூப்பிட்டாலும் கிடைக்குமா?" என்று கேட்டார்.

"கிடைக்கும் சார்."

அது முழுப் பொய்யில்லை. தொழிற்சாலையில் தூசியில்லாத அறைக்குள் போனை எடுத்துப் போக முடியாது. லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு, வெள்ளை அங்கியும் முகமூடியும் மாட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். பத்தேகால் இடைவேளையில் வெளியே வந்து பார்க்கலாம், பிறகு ஒரு மணிக்குப் பார்க்கலாம். வீட்டில் தர்மினிக்கு மூச்சு இறுகுவதென்றால் சாயங்காலம் ஆரம்பித்த இருமல் மெல்ல மெல்லக் கூடித்தான் இறுகும். மணிக்கணக்கில் நேரம் இருக்கும் என்று அவன் நம்பினான்.

மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. பள்ளிக்குப் பின்னால் இருக்கும் தாமான் குடியிருப்பில் இரண்டு பேருக்கு டெங்கிக் காய்ச்சல் கண்டு, காலையிலேயே கொசுப்புகை அடித்தார்கள். காற்று பள்ளிப் பக்கம் வீசியது. உடற்கல்வி வகுப்பில் பிள்ளைகள் திடலில் இருந்தார்கள். கமலநாதன் புகையைக் கண்டதுமே தர்மினியைக் கூட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போனார், சன்னல்களைச் சாத்தினார். கடிதம் அந்த அளவுக்கு வேலை செய்தது. ஆனால் அவள் ஏற்கெனவே இரண்டு சுற்று ஓடியிருந்தாள், புகையும் கொஞ்சம் உள்ளே போயிருந்தது. ஒன்பது மணிக்கு இருமல் ஆரம்பித்தது.

அலமாரியிலிருந்து பெட்டியை எடுத்து வரச் செய்தார். ஒன்பது நாலுக்கு யுகேந்திரனுக்குப் போன் போட்டார். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டார். வாட்ஸ்அப்பில் எழுதினார். தலைமை ஆசிரியை ராமலட்சுமி வந்தார்.

"மருந்த கொடுத்திரலாமா டீச்சர்?" என்று கேட்டார் கமலநாதன்.

"அப்பா கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்திருக்காரே சார். கேட்காம கொடுக்க வேண்டாம்னு கோடு போட்டிருக்காரு. ஏதாவது ஒன்னு ஆயிடுச்சுன்னா? இன்னொரு தடவ அடிச்சுப் பாருங்க."

கமலநாதன் போன் அடித்துக்கொண்டே இருந்தார். ஒன்பது இருபதுக்குத் தர்மினியின் தோள்கள் ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே ஏறி இறங்கின. கழுத்துக் குழி உள்ளே இழுத்தது. பெயரைக் கேட்டால் "தர்" என்று சொல்லி நிறுத்தி, மூச்சு வாங்கி, "மினி" என்றாள். கமலநாதன் போனைக் கீழே வைத்தார். இன்ஹேலரைக் குலுக்கி ஸ்பேசரில் பொருத்தி அவள் வாயருகே கொண்டுபோனார்.

அவள் கையால் தள்ளினாள்.

"அப்பாகிட்ட... கேட்டீங்களா?"

"கேட்டேன்மா. அப்பா கொடுக்கச் சொன்னாங்க," என்றார் கமலநாதன். அவர் பதினைந்து வருட ஆசிரியப் பணியில் ஒரு பிள்ளையிடம் மனமறிந்து சொன்ன முதல் பொய் அது என்று பிற்பாடு சொன்னார்.

அவளை நிமிர்த்தி உட்கார வைத்தார். ஒரு அழுத்து, நாலு மூச்சு. மறுபடி குலுக்கி இன்னொரு அழுத்து. அப்படி நாலு முறை. அதற்குள் ராமலட்சுமி ஆம்புலன்ஸுக்காக 999க்குக் கூப்பிட்டிருந்தார். நாலு நிமிடம் பார்த்தார்கள். தெளியவில்லை. மறுபடி நாலு. ஆம்புலன்ஸ் வர இருபத்தைந்து நிமிடம் ஆனது. அதுவரை நாலு நிமிடத்துக்கு ஒருமுறை கொடுத்துக்கொண்டே இருக்கும்படி போனில் இருந்தவர்கள் சொன்னார்கள். அவர் கொடுத்தார். அவளுடைய உதடு ஒரு மாதிரி சாம்பல் நிறமாக இருந்ததை மட்டும் பிற்பாடும் யுகேந்திரனிடம் சொல்லவில்லை.

பத்தேகாலுக்கு லாக்கரைத் திறந்த யுகேந்திரன் பதினேழு தவறிய அழைப்புகளையும், ஆம்புலன்ஸில் மருத்துவமனைக்குப் போகிறோம் என்ற செய்தியையும் பார்த்தான். அங்கியை எப்படிக் கழற்றினான், மேலாளரிடம் என்ன சொன்னான் என்பதெல்லாம் அவன் நினைவில் இல்லை. பாலத்தில் லாரி ஒன்று பழுதாகி நின்றது மட்டும் நினைவிருக்கிறது. மோட்டார் சைக்கிள் வரிசையில் நின்றுகொண்டு, தலைக்கவசத்துக்குள்ளேயே அவன் மகள் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஜொகூர் பாரு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டை நெருங்கியிருந்தது. தர்மினிக்கு ஆக்ஸிஜன் வைத்து, ஆவியாக மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டீராய்டும் கொடுத்திருந்தார்கள். மார்பு இன்னும் வேகமாகத்தான் ஏறி இறங்கியது. அவனைப் பார்த்ததும் கையை நீட்டினாள்.

வெளியே நடைபாதையில் கமலநாதன் நின்றிருந்தார். ஆம்புலன்ஸில் கூடவே வந்தவர்.

"ஏன் சார் இவ்வளவு லேட்டு?" யுகேந்திரனின் குரல் நடைபாதை முழுக்கக் கேட்டது. "மருந்து பக்கத்துல இருக்கு. அலமாரியிலயே இருக்கு. பிள்ள மூச்சு முட்டிக்கிட்டு இருக்கா, நீங்க பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க?"

கமலநாதன் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார். பிரித்து, இரண்டாம் பக்கத்தைக் காட்டினார். தன் கையெழுத்தில், தான் போட்ட கோட்டின் மேல் நின்ற வரியை யுகேந்திரன் படித்தான்.

"பதினாறு நிமிஷம் உங்களுக்குப் போன் அடிச்சேன்," என்றார் கமலநாதன். "அப்படி அடிச்சுக்கிட்டே நின்னிருக்கக் கூடாது. கொடுத்திருக்கணும். அத நான் ஒத்துக்கிறேன். ஆனா நீங்க எழுதினத நான் மதிச்சேன்."

யுகேந்திரன் சுவரோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தான். கோபம் போன இடத்தில் எதுவும் வரவில்லை.

மாலையில் மருத்துவர் வந்தார், இளம் மலாய்ப் பெண். அதட்டவில்லை. மலாயில் நிதானமாக விளக்கினார். நீல மருந்தைத் தேவையில்லாத நேரத்தில் கொடுத்துவிட்டால், நெஞ்சு படபடக்கும், கை கொஞ்சம் நடுங்கும், பிறகு சரியாகிவிடும். தேவைப்படும் நேரத்தில் கொடுக்காமல் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். எல்லாத் தாக்குதலும் மெதுவாகத்தான் வரும் என்று நினைக்காதீர்கள். அனுமதி கேட்பதற்கு அங்கே நேரம் இல்லை. இதைச் சொல்லிவிட்டு ஒரு படிவத்தைக் கொடுத்தார். எந்த அறிகுறிக்கு என்ன செய்வது, எத்தனை அழுத்து, எப்போது ஆம்புலன்ஸ் என்று வரிசையாக அச்சடித்த செயல் திட்டம். அதில் தர்மினியின் மருந்துகளை எழுதிக் கையெழுத்திட்டார்.

இரண்டு நாள் வார்டில் இருந்தார்கள். இரண்டாம் நாள் காலையில் தர்மினி கஞ்சி குடித்துக்கொண்டே கேட்டாள்:

"அப்பா, நீங்க சார்கிட்ட ஓக்கே சொன்னீங்கதானே?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் அதோடு முடிந்துவிடும். ஆனால் அடுத்த முறையும் அவள் தள்ளிவிடுவாள்.

"இல்லடா. அப்பா போன எடுக்கல. சார் அவராவே கொடுத்தாரு. அதான் சரி. அப்பா சொல்லிக் கொடுத்ததுதான் தப்பு. இனிமே மூச்சு கஷ்டமா இருந்தா நீயே கேட்டு வாங்கணும். யாருகிட்டயும் கேக்க வேண்டாம்."

அவள் அவனை உற்றுப் பார்த்தாள். "அப்பாகிட்ட கூடவா?"

"அப்பாகிட்ட கூட."

அவள் முகத்தில் நிம்மதி தெரியவில்லை. அப்பா ஏதோ ஒன்றைத் தன்னிடமிருந்து பறித்துக்கொண்டதுபோல் கரண்டியைக் கீழே வைத்தாள். மீதிக் கஞ்சியைக் குடிக்கவில்லை.

வீடு திரும்பியதும் புதுக் கடிதம் எழுதினான். இந்த முறை ஒரே பக்கம். தமிழில் ஒன்று, மாற்று ஆசிரியர் வந்தாலும் காவலாளி படித்தாலும் புரியட்டும் என்று மலாயில் ஒன்று. ஆகாதவற்றின் பட்டியல் கீழே போனது. மேலே என்ன செய்ய வேண்டும் என்பது வந்தது. நிமிர்த்தி உட்கார வையுங்கள். நீல இன்ஹேலர், ஸ்பேசரோடு, நாலு அழுத்து, ஒவ்வொன்றுக்கும் நாலு மூச்சு. நாலு நிமிடம் பாருங்கள். தெளியாவிட்டால் மறுபடி நாலு. அப்போதும் தெளியாவிட்டால் 999. பேச முடியாமல் போனால், உதடு நிறம் மாறினால் உடனே 999, மருந்தை நிறுத்த வேண்டாம். பிறகுதான் போன் எண்கள்: பகலில் வீட்டிலிருக்கும் பக்கத்து வீட்டு லக்ஷ்மி அக்கா, தொழிற்சாலைக் காவல் மேசை, கடைசியாக அவனுடையது.

கடைசி வரியை எழுத ஒரு சாயங்காலம் முழுக்க ஆனது. "என் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டாம். கொடுத்த பிறகு சொன்னால் போதும்."

கமலநாதன் அதைப் படித்தார். மருத்துவரின் படிவத்தைப் பின்னால் சேர்த்துக் குத்தினார். "இத எல்லா ஆசிரியர்களுக்கும் காட்டிக் கையெழுத்து வாங்குறேன். ஸ்பேசர எப்படிப் பிடிக்கிறதுன்னும் சொல்லிக் கொடுத்துடுறேன்." கொஞ்சம் தயங்கினார். "உங்ககிட்ட ஒன்னு சொல்லணும். இப்பல்லாம் வகுப்புல எந்தப் பிள்ள இருமினாலும் எனக்கு உடனே அந்தப் பெட்டிதான் ஞாபகம் வருது."

"எனக்கும்தான் சார்," என்றான் யுகேந்திரன்.

மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, ஒரு மணி இடைவேளையில் அவன் லாக்கரைத் திறந்தான். பத்து நாற்பதுக்குச் செய்தி வந்திருந்தது. "சளி இருமல், மூச்சில் சத்தம். நாலு அழுத்து கொடுத்தோம். பத்து நிமிடத்தில் சரியானது. கணக்கு வகுப்பில் இருக்கிறாள்." லக்ஷ்மி அக்காவிடமிருந்தும் ஒரு செய்தி: பள்ளி விடும் முன்பே போய்க் கூட்டி வந்துவிட்டேன், சாப்பிட்டாள், தூங்குகிறாள்.

யுகேந்திரன் லாக்கர் அறையின் பெஞ்சில் உட்கார்ந்தான். அவள் இருமியபோது, மருந்தை இழுத்தபோது, மறுபடி கணக்கு போட்டபோது அவன் கண்ணாடிச் சுவருக்கு உள்ளே ஒரு இயந்திரத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தான். ஒன்றும் தெரியாமல். எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்திருந்தது. ஆனாலும் செய்தியை மறுபடி முதலிலிருந்து படித்தான்.

"ஏன் சார் எனக்குப் போன் பண்ணல" என்று தட்டத் தொடங்கியவன் அதை அழித்தான். "நன்றி சார்" என்று அனுப்பினான். அன்று கொண்டுவந்த சோற்றை அவனால் சாப்பிட முடியவில்லை. மணி அடித்ததும் போனை உள்ளே வைத்து, அங்கியை மாட்டிக்கொண்டு வரிசையில் போய் நின்றான்.